பகுப்பாக்கமும் பட்டியலாக்கமும்: ஒரு முழு இயலை ஒரே நூலின் வழியாகச் சுருக்கும் முறை

நூலகவியல் பாடநூலில் பகுப்பாக்கம், பட்டியலாக்கம் ஆகியவை பற்றிய இயலைச் சுருக்க முற்படுபவர்கள் பெரும்பாலும் வரையறைகளை மட்டும் பொறுக்கியெடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிடுகின்றனர். அக்குறிப்பைப் படித்தவரால் முகம் என்றால் என்ன, தொடர் என்றால் என்ன என்று சொல்ல முடிகிறது; ஆனால் ஒரு நூலைக் கையில் கொடுத்து, அதன் பொருளைக் குறிக்கும் பகுப்பெண்ணைக் கேட்டால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிவதில்லை. குறிப்பில் கலைச்சொற்கள் சமமான நிலையில் அருகருகே நிற்கின்றன. வேலையிலோ அவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, முன்னது முடிந்தால்தான் பின்னது தொடங்கும். ஆகவே ஒரே ஒரு நூல்தலைப்பை எடுத்துக்கொண்டு, அதை இயலின் முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இழுத்துச் செல்வதுதான் இங்கே விளக்கப்படும் முறை. எடுத்துக்காட்டுகளுக்கு எஸ். ஆர். இரங்கநாதனின் கோலன் பகுப்பு முறையைப் பயன்படுத்துகிறேன். தன் உள்வேலையை வெளிப்படையாகக் காட்டும் முறை அது என்பதால் கற்பதற்கு ஏற்றது.

முதற்படி: இயலின் வாக்கியங்களைத் தரம் பிரித்தல்

இயலை ஒருமுறை பென்சிலுடன் படித்து, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது வரலாறா, விதியா, விதிக்கான காரணமா, எடுத்துக்காட்டா என்று குறித்துக்கொள்ள வேண்டும். டியூயியின் தசமப் பகுப்பும் கட்டரின் பட்டியல் விதிகளும் 1876 என்ற ஒரே ஆண்டில் வெளிவந்தன, கோலன் பகுப்பு 1933-இல் வந்தது என்பன போன்ற செய்திகள் வரலாறு. அவற்றை ஒரு வரியில் ஒதுக்கிவிடலாம். மற்றவற்றுக்கு ஒரு கேள்வி போதும்: இந்த வாக்கியத்தை நீக்கினால் நான் தரப்போகும் பகுப்பெண்ணோ எழுதப்போகும் பதிவோ மாறுமா? மாறாது என்றால் அது சுருக்கத்தில் இடம்பெற வேண்டியதில்லை.

இந்தக் கேள்வி பட்டியலாக வரும் நெறிகளையும் சுருக்க உதவும். ஒரு வகுப்பைப் பிரிப்பதற்குத் தேர்ந்தெடுக்கும் பண்பு வேறுபடுத்துவதாக, பயனுக்குத் தொடர்புடையதாக, உறுதிசெய்யக்கூடியதாக, நிலைத்திருப்பதாக இருக்க வேண்டும் என்று பாடநூல் நான்கு நெறிகளை நான்கு பத்திகளில் சொல்லும். அவற்றை வரையறைகளாக எழுதாமல், ஒவ்வொன்றும் உடையும் இடத்தை எழுதுங்கள். அச்சிடப்பட்டவை என்ற பண்பு, எல்லாமே அச்சிட்டவையாக உள்ள அடுக்கில் எதையும் வேறுபடுத்தாது. அட்டையின் நிறம் வேறுபடுத்தும், ஆனால் பொருளைத் தேடி வருபவருக்குத் தொடர்பற்றது. நூலின் ஆழம் என்பது தொடர்புடையதுதான், ஆனால் இருவர் அளந்தால் இரண்டு விடை வரும். இப்போது அதிகம் இரவல் பெறப்படுபவை என்பது உறுதிசெய்யக்கூடியது, ஆனால் அடுத்த மாதமே மாறிவிடும். நான்கு பத்திகள் நான்கு வாக்கியங்களாயின, எதுவும் இழக்கப்படவில்லை.

இரண்டாம் படி: சுமை தாங்கும் தலைப்பைத் தேர்ந்தெடுத்தல்

"வேதியியல்" போன்ற தலைப்பை எடுத்துக்கொண்டால் சுருக்கம் எளிதாக முடியும், ஆனால் எதையும் கற்பிக்காது. அதில் ஒரே ஒரு கருத்து மட்டும் இருப்பதால் எதை முன்னால் வைப்பது என்ற சிக்கலே எழுவதில்லை. ஒரு துறையும் அதனுள் மூன்று கருத்துகளும் உள்ள தலைப்பு வேண்டும். நான் எடுத்துக்கொள்வது "நுரையீரல் காசநோய்க்கான சிகிச்சை".

மூன்றாம் படி: எண்ணுக்கு முன் கருத்து

இரங்கநாதன் பகுப்பாக்க வேலையைக் கருத்துத் தளம், சொல் தளம், குறியீட்டுத் தளம் என மூன்றாகப் பிரித்தார். இதன் நடைமுறைப் பொருள் ஒன்றுதான்: பொருளைப் பிரித்தறிந்து முடிக்கும் வரை, கருத்துகளுக்கு உரிய எண்களைத் தரும் பகுப்பு அட்டவணையைத் திறக்கக் கூடாது. தொடக்கநிலை மாணவர்கள் செய்யும் பெரும்பாலான பிழைகள் அட்டவணையை முதலில் திறந்து, கண்ணில் பட்ட எண்ணுக்கு நூலைப் பொருத்த முயல்வதால் வருபவை.

பாடநூல் இதனைப் பல படிகளாக விரிக்கும். மூன்றாகச் சுருக்கிக்கொள்ளலாம். முதலில், தலைப்பு சொல்லாமல் விட்டதைச் சேர்க்க வேண்டும். நம் தலைப்பில் "மருத்துவம்" என்ற சொல்லே இல்லை; துறையின் பெயர் தலைப்பில் இருப்பது அரிது. பிறகு "க்கான" போன்ற ஒட்டுகளை நீக்கிக் கருத்துகளைத் தனித்தனியே நிறுத்த வேண்டும். கடைசியாக, ஒவ்வொன்றும் ஆளுமை எனப்படும் மையப்பொருள், பொருண்மை, ஆற்றல் எனப்படும் செயல் அல்லது சிக்கல், இடம், காலம் என்ற ஐந்து அடிப்படை வகைகளில் எதனைச் சேர்ந்தது என்று குறிக்க வேண்டும்.

```
மருத்துவம்   - அடிப்படைத் துறை
நுரையீரல்    - ஆளுமை
காசநோய்     - ஆற்றல் (முதற்சுற்று)
சிகிச்சை      - ஆற்றல் (இரண்டாம் சுற்று)
```

காசநோயை ஆற்றல் என்பது பலருக்கு உறுத்தும். கோலன் பகுப்பின் ஆறாம் பதிப்பில் மருத்துவத் துறையில் நோய் என்பது உறுப்புக்கு நேரும் ஒரு சிக்கலாகக் கருதப்பட்டு ஆற்றல் முகத்தில், அதாவது எண்ணில் ஆற்றல் வகைக்கு உரிய பகுதியில், வைக்கப்பட்டது. ஏழாம் பதிப்பு இதையே வேறுவிதமாகக் கண்டது. சுருக்கக் குறிப்பில் பதிப்பு எண்ணைக் கட்டாயம் எழுதிவிடுங்கள். இரண்டு பதிப்புகளின் எண்களைக் கலந்துவிட்டால் எந்தப் பதிப்பைத் திறந்து சரிபார்த்தாலும் பொருந்தாது. இங்குள்ளவை ஆறாம் பதிப்பின்படி அமைந்தவை.

நான்காம் படி: எதை முன்னால் வைப்பது

முழு இயலிலும் ஒரே ஒரு நெறியை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் சுவர்ச்சித்திர நெறியைத்தான் வைத்துக்கொள்வேன். சுவர் இல்லாமல் சித்திரம் தீட்ட முடியாது. அதுபோல, ஒரு கருத்து இல்லாமல் மற்றொன்று செயல்பட முடியாது என்றால், சுவராக இருக்கும் கருத்து முன்னால் வர வேண்டும்.

நம் தலைப்பில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். நோய் இல்லாமல் சிகிச்சைக்கு வேலையில்லை; ஆகவே நோய் சிகிச்சைக்கு முன்னால் வரும். உறுப்பு இல்லாமல் உறுப்பின் நோய் இல்லை. ஆகவே நுரையீரல் காசநோய்க்கு முன்னால் வரும். இந்த வரிசை கிடைத்த பிறகுதான் அட்டவணையைத் திறக்கிறோம். மருத்துவம் `L`, நுரையீரல் `45`, காசநோய் `421`, சிகிச்சை `6`. ஆற்றல் முகத்துக்கு முன் முக்காற்புள்ளியை இட்டு இணைத்தால் பகுப்பெண் கிடைத்துவிடும்.

```
L45:421:6
```

கிடைத்த எண்ணைப் பின்னோக்கி மொழிபெயர்ப்பது சரிபார்க்கும் வழி. வலமிருந்து இடமாகப் படித்தால் "சிகிச்சை, காசநோய்க்கு, நுரையீரலில், மருத்துவத் துறையில்" என்று வருகிறது. தலைப்பு மீண்டும் கிடைத்துவிட்டதால் எண் சரி. `L45:6:421` என்று எழுதியிருந்தால், சிகிச்சைக்குக் காசநோய் வந்ததாகப் பொருள்படும். பிழை உடனே தெரிந்துவிடும்.

இந்த வரிசை ஒரு விலையைக் கேட்கிறது என்பதைச் சுருக்கக் குறிப்பு மறைக்கக் கூடாது. உறுப்பை முன்னால் வைத்ததால் நுரையீரல் பற்றிய நூல்கள் அனைத்தும் ஒரே இடத்தில் சேர்கின்றன. ஆனால் காசநோய் பற்றியவை சிதறுகின்றன. எலும்புக் காசநோய் பற்றிய நூல் எலும்புக்கு உரிய இடத்துக்குப் போய்விடும். டியூயி முறையில் இது நேர்மாறு. அங்கே நுரையீரல் நோய்கள் `616.24`-இல் இருக்க, காசநோய் `616.995` என்ற தனி இடத்தைப் பெறுகிறது; நுரையீரல் காசநோய் பற்றிய நூலும் அந்தக் காசநோய்க் குடும்பத்துக்குள்தான் போகிறது. ஆகவே காசநோய் நூல்கள் சேர்ந்திருக்க, நுரையீரல் நூல்கள் பிரிகின்றன. எந்த முறை சிறந்தது என்ற விவாதத்தில் பாடநூல்கள் நிறையப் பக்கங்களைச் செலவிடுகின்றன. அடுக்கு என்பது ஒற்றைக் கோடு என்பதால், ஒன்றைச் சேர்த்தால் மற்றொன்று சிதறியே தீரும். எதைச் சிதறவிடுவது என்று முடிவெடுப்பதே பகுப்பு முறையை வகுப்பவரின் வேலை. சிதறியதைத் திரட்டித் தருவது பட்டியலின் வேலை. இயலின் இரண்டு பாதிகளும் இந்த இடத்தில்தான் இணைகின்றன. பல சுருக்கக் குறிப்புகள் அவற்றை இரண்டு தனிப் பாடங்களாக விட்டுவிடுவதால் பட்டியல் எதற்கு என்ற கேள்விக்கே விடை இல்லாமல் போகிறது.

ஐந்தாம் படி: அடுக்கில் வரும் ஒழுங்கு

எண்ணை அமைக்கும்போது சுவராக உள்ள கருத்தை முன்னால் வைத்தோம். அடுக்கிலோ பொதுவான நூல் முதலிலும் குறிப்பான நூல் பின்னரும் வர வேண்டும். இதற்காகவே இணைப்புக் குறிகளுக்கு இலக்கங்களைவிடக் குறைந்த வரிசை மதிப்பு தரப்பட்டுள்ளது. உறுப்பு எதுவும் குறிப்பிடாமல் காசநோயைப் பொதுவாகப் பேசும் நூலின் எண் `L:421`. முக்காற்புள்ளி `4`-க்கு முன் வருவதால் அது நுரையீரல் நூல்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும்.

```
L            மருத்துவம்
L:421        காசநோய், பொது
L45          நுரையீரல்
L45:421      நுரையீரல் காசநோய்
L45:421:6    அதற்கான சிகிச்சை
```

பழைய பாடநூல்களில் இல்லாத ஒரு சிக்கலை இங்கே சேர்க்க வேண்டும். கணினி பல இடங்களில் எழுத்துகளை வரிசைப்படுத்தப் பயன்படுத்தும் ஆஸ்கி குறியீட்டில் 0 முதல் 9 வரையிலான இலக்கங்கள் 48 முதல் 57 வரையிலான இடங்களில் உள்ளன. முக்காற்புள்ளி 58-ஆம் இடத்தில் உள்ளது. அதாவது, இரங்கநாதன் முன்னால் வைத்ததை ஆஸ்கி வரிசை பின்னால் வைக்கிறது. பகுப்பெண்களை ஆஸ்கி குறியீட்டின்படி அப்படியே வரிசைப்படுத்தினால் `L:421` நுரையீரல் நூல்கள் அனைத்துக்கும் பிறகு போய் நிற்கும். எண்ணில் பிழை இல்லை, இட்டவரிடமும் பிழை இல்லை. ஆயினும் பட்டியலின் ஒழுங்கும் அடுக்கின் ஒழுங்கும் பொருந்தாது. மேலுள்ள ஐந்து எண்களையும் மென்பொருளில் இட்டுப் பார்த்தால், `L:421` இரண்டாவதாக வருகிறதா, கடைசியாக வருகிறதா என்பதிலிருந்து அந்த மென்பொருளின் வரிசை இங்கே கோலன் வரிசையோடு பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும்.

ஆறாம் படி: எண்ணிலிருந்து பொருள் தலைப்புகளைப் பெறுதல்

சிதறியவற்றைத் திரட்டும் வேலைக்கு இரங்கநாதன் தந்த கருவி தொடர்முறை. பகுப்பெண்ணை இலக்கம் இலக்கமாக நீட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு நிலையும் எதைக் குறிக்கிறது என்று எழுத வேண்டும்.

```
L            மருத்துவம்
L4           மூச்சு மண்டலம்
L45          நுரையீரல்
L45:         (பொய்க்கண்ணி)
L45:4        நோய்
L45:42       தொற்றுநோய்
L45:421      காசநோய்
L45:421:     (பொய்க்கண்ணி)
L45:421:6    சிகிச்சை
```

இணைப்புக் குறியில் முடியும் நிலை எந்தப் பொருளையும் குறிக்காது. அதனால் அது பொய்க்கண்ணி. மீதி ஏழு நிலைகள். அவற்றைக் கடைசியிலிருந்து மேல்நோக்கி எடுத்து, பொருள் தெளிவாவதற்குத் தேவையான மேற்சொற்களை மட்டும் சேர்த்தால் அகரவரிசைப் பொருளடைவுக்கான பதிவுகள் கிடைக்கின்றன.

```
சிகிச்சை, காசநோய், நுரையீரல்   L45:421:6
காசநோய், நுரையீரல்            L45:421
தொற்றுநோய், நுரையீரல்         L45:42
நோய், நுரையீரல்               L45:4
நுரையீரல், மருத்துவம்           L45
மூச்சு மண்டலம், மருத்துவம்      L4
மருத்துவம்                    L
```

ஒவ்வொரு பதிவிலும் எண்ணின் நீளம் அந்தக் கண்ணி வரை மட்டுமே இருப்பதைக் கவனியுங்கள். "நுரையீரல்" என்று தேடுபவரை `L45`-க்கு அனுப்பிவிட்டால் போதும். அதற்குக் கீழ் காசநோயும் சிகிச்சையும் இருப்பதைப் பட்டியலில் பகுப்பெண் வரிசையில் அமைந்த பகுதியே காட்டிவிடும். ஆகவே "நுரையீரல், காசநோய், சிகிச்சை" என்ற பதிவு வேண்டியதில்லை. நான்கு கருத்துகளை எல்லா வரிசைகளிலும் மாற்றி மாற்றி எழுதினால் 24 பதிவுகள் வரும். இங்கே ஏழில் வேலை முடிகிறது. அடுத்து நுரையீரல் பற்றி வேறொரு நூல் வரும்போது இந்த ஏழில் பல ஏற்கெனவே இருக்கும் என்பதால் ஒன்றிரண்டை மட்டும் சேர்த்தால் போதும்.

நான்காம் படியில் சிதறிய காசநோய் நூல்கள் இப்போது திரும்பக் கூடுகின்றன. எலும்புக் காசநோய் பற்றிய நூலுக்கும் இதே முறையைச் செய்தால் "காசநோய், எலும்பு" என்ற பதிவு வரும்; அகரவரிசையில் அது "காசநோய், நுரையீரல்" என்பதற்கு அருகிலேயே அமரும். அடுக்கு பிரித்ததை அடைவு சேர்த்துவிட்டது.

தொடர்முறை ஓர் இடத்தில் மட்டும் ஆளின் தீர்ப்பைக் கேட்கிறது. "தொற்றுநோய், நுரையீரல்" என்று யாராவது தேடுவார்களா? தேடமாட்டார்கள் என்று கருதினால் அது தேடப்படாத கண்ணி, விட்டுவிடலாம். ஆனால் இந்த முடிவை நூலுக்கு நூல் மாற்றக் கூடாது. ஒரு நூலுக்கு விட்டதை அடுத்த நூலுக்கு எழுதினால், முதல் நூலே இல்லாததுபோல் அடைவு காட்டும். முறை எண்ணை நம்பியே நிற்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். எண்ணில் ஒரு கருத்து விடுபட்டிருந்தால் அடைவிலும் அது விடுபடும். பொருளடைவைச் சரிபார்ப்பது எண்ணையும் சரிபார்ப்பதாகும்.

கட்டரின் குறிப்பான தலைப்பு நெறி இங்கே தானாகவே நிறைவேறுகிறது. ஒரு நூலை அதன் பொருளை முழுமையாகக் குறிக்கும் தலைப்பின்கீழ்ப் பதிய வேண்டும், அதைவிட விரிந்த தலைப்பின்கீழ்ப் பதியக் கூடாது என்பது அந்நெறி. மருத்துவம் என்ற தலைப்பின்கீழ் நம் நூலைப் பதிந்தால் தேடுபவர் நூற்றுக்கணக்கான பதிவுகளைப் புரட்ட வேண்டியிருக்கும்.

ஏழாம் படி: பெயரைத் திரட்டுதல்

பொருளுக்குச் செய்ததையே ஆசிரியர் பெயருக்கும் செய்ய வேண்டும். ஒருவருடைய நூல்களில் நூலகத்தில் என்னென்ன உள்ளன என்று காட்டுவது பட்டியலின் நோக்கங்களில் ஒன்று எனக் கட்டர் 1876-இலேயே எழுதினார். தமிழில் இதற்குத் தனியான ஓர் இடையூறு உண்டு. ரகரம் தமிழ்ச்சொல்லின் முதலில் வராது என்ற மரபால் ஒரே பெயர் "ரங்கநாதன்" என்றும் "இரங்கநாதன்" என்றும் அச்சாகிறது. அகரவரிசையில் ஒன்று உயிரெழுத்துகளின் பகுதியிலும் மற்றொன்று ரகர வரிசையிலும் போய் விழும். இடையில் பட்டியலின் பெரும்பகுதி கிடக்கும்.

இதற்கான நெறி சுருக்கமானது. ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து எல்லாப் பதிவுகளிலும் அதையே பயன்படுத்த வேண்டும். மற்ற வடிவத்திலிருந்து வழிகாட்ட வேண்டும். தலைப்பெழுத்துகள் பெயருக்கு முன்னால் நிற்பதால் அவற்றைப் பின்னால் தள்ளி, இயற்பெயரை நுழைவுச்சொல்லாக வைக்க வேண்டும்.

```
இரங்கநாதன், எஸ். ஆர்.

ரங்கநாதன், எஸ். ஆர்.
   காண்க: இரங்கநாதன், எஸ். ஆர்.
```

தேர்ந்தெடுத்த வடிவம் எது என்பதைவிட, அது ஒரு தனிக் கோப்பில் பதிவாகியிருக்கிறதா என்பதே முக்கியம். பதிவாகவில்லை என்றால் அடுத்த ஆண்டு வேறொருவர் தலைப்புப் பக்கத்தில் கண்டதை அப்படியே எழுதுவார். பட்டியலில் இப்பிழை நேர்ந்துள்ளதா என்று அறிய, இகரத்தையும் ரகரத்தையும் முதலாகக் கொண்ட பெயர்களை அருகருகே எடுத்து ஒப்பிட்டாலே போதும்.

எட்டாம் படி: சுருக்கத்தைச் சோதித்தல்

குறிப்பு முடிந்ததும் பாடநூலை மூடிவிட்டு, குறிப்பில் இல்லாத ஒரு தலைப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். "இதய நோய்களுக்கான சிகிச்சை" என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையிலிருந்து தேவைப்படுவது இதயத்துக்கு `32`, நோய் என்ற பொதுக் கருத்துக்கு `4` ஆகிய இரண்டும்தான். மற்றவை குறிப்பிலேயே உள்ளன. சுவர்ச்சித்திர நெறியின்படி உறுப்பு, நோய், சிகிச்சை என்று வரிசைப்படுத்தினால் `L32:4:6` கிடைக்கும்.

விடை `L32:6` என்று வந்திருந்தால், மூன்றாம் படியில் கருத்துகளைத் தனித்தனியே நிறுத்தாமல் எண்ணுக்குத் தாவியிருக்கிறீர்கள், நோய் விடுபட்டுவிட்டது. `L32:421:6` என்று வந்திருந்தால், முந்தைய எடுத்துக்காட்டின் வடிவத்தை நகலெடுத்திருக்கிறீர்கள். இதயக் காசநோய் என்று பொருள்படும் எண் அது. தொடர்முறையில் பிரித்தால் `L`, `L3`, `L32`, `L32:4`, `L32:4:6` என ஐந்து மெய்க்கண்ணிகள் வர வேண்டும். இடையிலுள்ள இரண்டு பொய்க்கண்ணிகளையும் சேர்த்து ஏழு பதிவுகள் எழுதியிருந்தால் ஆறாம் படியில் பொய்க்கண்ணி பற்றிய பத்தியைக் குறிப்பில் இன்னும் தெளிவாக எழுத வேண்டும். `L3`-க்கு எதிரே குருதிச்சுற்று மண்டலம் என்று எழுதாமல் வெறுமையாக விட்டிருந்தால், எண்ணை இலக்கம் இலக்கமாக நீட்டாமல் முகம் முகமாக நீட்டியிருக்கிறீர்கள். அதை `L4`-இன் வரியோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம்.